பதின்மூன்று குறிப்புகளை மூன்று தொகுதிகளாக்குவது எப்படி: நான்கு வழிகளின் ஒப்பீடு

குடியிருப்போர் சங்கத்திலோ மகளிர் குழுவிலோ பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். சொல்ல வேண்டியவை பத்துக்கு மேல் இருக்கின்றன. எதையும் விட மனம் வருவதில்லை. மூன்றாகப் பிரித்துச் சொன்னால் மனத்தில் நிற்கும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் எதை வைத்து மூன்றாகப் பிரிப்பது என்பதில்தான் சிக்கல், ஏனெனில் ஒரே குறிப்புகளைப் பல விதமாக மூன்றாக்க முடியும். அவற்றில் சில விதங்கள் பிரிக்காமல் விடுவதைவிட மோசமானவை.

இந்தக் கட்டுரை ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு நான்கு வழிகளை ஒப்பிடுகிறது. எடுத்துக்காட்டு, சமையல் எரிவாயுப் பாதுகாப்பு குறித்த பதினைந்து நிமிடப் பேச்சு. அதற்காகக் காகிதத்தில் குறித்து வைத்தவை, மனத்தில் தோன்றிய வரிசையிலேயே, இவை:

கசிவு ஏற்பட்டால் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூட வேண்டும். சிலிண்டரின் சீல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் கதவு, ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்பில் ஏதாவது இருக்கும்போது சமையலறையை விட்டுப் போகக் கூடாது. இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவைச் சோதிக்க வேண்டும். சிலிண்டரில் எழுதியுள்ள சோதனைக் காலக்கெடுவைப் பார்க்க வேண்டும். கசிந்தால் சுவிட்சைத் தொடாமல், எரியும் விளக்கையும் ஊதுபத்தியையும் அணைக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திய பிறகே அடுப்பின் குமிழைத் திருப்ப வேண்டும். சிலிண்டரை அடுப்பு மேடையைவிடத் தாழ்வாக, தரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கசிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் போட வேண்டும்.

மொத்தம் பதின்மூன்று. ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் பயனுள்ளது. இதே வரிசையில் சொல்லிவிட்டு மறுநாள் கேட்டால் மூன்று அல்லது நான்குதான் திரும்பி வரும். அவை எவை என்பதும் பேச்சாளரின் கையில் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

அளவுகோல்களை முதலில் தீர்மானித்துக்கொள்ளாமல் வழிகளை ஒப்பிட்டால் காதுக்கு இனிமையானதே வென்றுவிடும். எனவே நான்கு கேள்விகளை வைத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே ஒரு வீடு இருக்கிறதா? ஒரு குறிப்பு இரண்டு தொகுதிகளிலும் பொருந்தினால் கேட்பவர் அதை எங்கே தேடுவது என்று அறியமாட்டார். எதிலும் பொருந்தாவிட்டால் அது தொலைந்துபோகும்.

இரண்டாவது, தலைப்பைச் சொன்னதும் அதன் கீழுள்ளவை நினைவுக்கு வருகின்றனவா? இதற்கு 1966இல் டல்விங், பேர்ல்ஸ்டோன் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒரு நல்ல அடிப்படை. வகை வகையாகப் பிரித்த சொற்பட்டியல்களை மாணவர்களுக்குக் கொடுத்து, பிறகு ஒரு சாராரிடம் வகைகளின் பெயர்களைச் சொல்லியும் மற்றொரு சாராரிடம் சொல்லாமலும் சொற்களைத் திரும்பக் கேட்டார்கள். பெயரைச் சொன்னபோது அதிகச் சொற்கள் திரும்பி வந்தன. அதைவிட முக்கியமானது, பெயர் நினைவுக்கு வந்துவிட்ட வகைகளில் எத்தனை சொற்கள் திரும்பின என்பதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை; பெயரே மறந்துபோன வகைதான் மொத்தமாகத் தொலைந்தது. அதாவது, தொகுத்துச் சொல்வதற்கு ஒரு விலை உண்டு: தலைப்பு மறந்தால் அதன் கீழுள்ள நான்கும் சேர்ந்தே போய்விடும்.

மூன்றாவது, தேவைப்படும் நேரத்தில் அந்தத் தலைப்பைக் கேட்பவருக்கு யார் எடுத்துக் கொடுப்பது? பேச்சு முடிந்தவுடன் மூன்று தலைப்புகளையும் எவரும் ஒப்பித்துவிடுவார். ஆறு மாதம் கழித்து இரவு பத்து மணிக்குச் சமையலறையில் கேஸ் நாற்றம் வரும்போது, எது அவருக்குத் தலைப்பை நினைவூட்டும்? நான்கு அளவுகோல்களில் இதையே நான் மிகவும் கனமானதாகக் கருதுகிறேன். பேச்சுக்கலை வகுப்புகளில் இது பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை.

நான்காவது, ஒரு தொகுதிக்குள் எத்தனை? உளவியலாளர் மில்லர் 1956இல் சொன்ன ஏழு என்ற எண் இன்னும் மேடைகளில் உலவுகிறது. 2001இல் கோவன் என்ற உளவியலாளர் அந்த ஆய்வுகளைத் திரும்பப் பார்த்து, ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியவை நான்கை ஒட்டியே இருக்கும் என்று வாதிட்டார். எனவே நான்குவரை இயல்பானது. ஐந்து வேண்டுமானால் அவற்றைக் கோக்கும் ஒரு வரிசை தொகுதிக்குள் இருக்க வேண்டும்.

## முதல் வழி: பொருளை வைத்துப் பிரிப்பது

சிலிண்டர், அடுப்பு, அறை என்று மூன்றாக்குவது. இது முதலில் தோன்றுகிற வழி; விளக்கப்படம் போடவும் எளிது. சீல், காலக்கெடு, நிமிர்த்தி வைத்தல், ரெகுலேட்டர், பாதுகாப்பு மூடி ஆகியவை சிலிண்டரின் கீழ் வரும். குழாய், சோப்பு நுரை, தீ மூட்டும் முறை, விட்டுப் போகாமை ஆகியவை அடுப்பின் கீழ் வரும். ஜன்னல், சுவிட்ச், வெளியே சென்று அழைத்தல் ஆகியவை அறையின் கீழ் வரும்.

தலைப்பை எடுத்துக் கொடுக்கும் வேலையை இங்கே கண் செய்கிறது. சமையலறையில் நின்று சிலிண்டரைப் பார்த்தால் சிலிண்டருக்குரியவை நினைவுக்கு வரும். வீடு வீடாகச் சென்று சோதிக்கும் பணியாளர்களுக்கும், புதிதாக வேலைக்குச் சேரும் கேஸ் மெக்கானிக்குகளுக்கும் இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை, ஏனெனில் அவர்கள் பொருள் பொருளாகவே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு கசிவு நேரத்தில் தெரியும். ரெகுலேட்டரை மூடுவது சிலிண்டர் தொகுதியில் இருக்கிறது. ஜன்னலைத் திறப்பது அறைத் தொகுதியில் இருக்கிறது. அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய இரண்டும் இரு வேறு இடங்களில் கிடக்கின்றன. பதற்றத்தில் இருக்கும் ஒருவர் இரண்டு தொகுதிகளையும் திறந்து, அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். அமைதியாக உட்கார்ந்து கேட்டபோது தெளிவாக இருந்த பிரிவு, வேண்டிய நேரத்தில் இரண்டாக உடைந்துவிடுகிறது. போதாதற்கு, இரவில் ரெகுலேட்டரை மூடுவதும் கசிவின்போது அதை மூடுவதும் ஒரே தலைப்பின் கீழ் வருவதால், கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

## இரண்டாம் வழி: ஓசையை வைத்துப் பிரிப்பது

"பார், மூடு, திற" என்பது போன்ற மூன்று குறுஞ்சொற்களைத் தேர்ந்துகொண்டு அவற்றின் கீழ் எல்லாவற்றையும் அடுக்குவது. சுவரொட்டிக்காரர்களுக்கு இது பிடிக்கும். மோனையோ எதுகையோ அமைந்துவிட்டால் தலைப்புகள் மறப்பதில்லை. மூன்றையும் குழந்தைகள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் தலைப்பு நினைவிருப்பதும் குறிப்பு நினைவிருப்பதும் வெவ்வேறு. "மூடு" என்ற சொல் எதை மூடச் சொல்கிறது என்பதைத் தன்னுள் வைத்திருக்கவில்லை. கேஸ் நாற்றம் அடிக்கும்போது "மூடு" என்று மட்டும் நினைவுக்கு வந்து, நாற்றம் மற்ற அறைகளுக்குப் பரவாமல் இருக்கட்டும் என்று ஒருவர் சமையலறைக் கதவையும் ஜன்னலையும் மூடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையோடு தேங்கும். வெளியேறும் வழியை அடைத்துவிட்டால் ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும் அறையாக அது மாறிவிடும். ஓசை நயம் கொண்ட தலைப்பு தவறான செயலையும் அதே உறுதியோடு நினைவூட்டும் என்பதே இந்த வழியின் மறைந்த செலவு.

வீடில்லாத குறிப்புகளும் இங்கேதான் அதிகம். "சுவிட்சைத் தொடாதே" என்பது பார்ப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை, திறப்பதும் இல்லை. தீக்குச்சி முதலில், குமிழ் பிறகு என்ற குறிப்பும் அப்படியே. பேச்சாளர் இவற்றை எங்கேயாவது திணித்துவிட்டு நகர்வார்; கேட்பவர் அவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

சொல்ல வேண்டியவை மூன்றே மூன்றாக இருந்து, ஒவ்வொரு தலைப்பும் முழுமையான கட்டளையாகவே நிற்குமானால், இந்த வழியை மற்றெதுவும் மிஞ்சாது. திரிகடுகத்தின் ஒவ்வொரு வெண்பாவும் மூன்று பொருள்களைக் கட்டி நிறுத்துவது இப்படித்தான். பாட்டுக்குள் மூன்றும் நிற்கும். ஆனால் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போக ஓசை வழிகாட்டாது. நூறு பாட்டையும் வரிசையாகச் சொல்ல மனப்பாடம்தான் வேண்டும்.

## மூன்றாம் வழி: நேரத்தை வைத்துப் பிரிப்பது

சிலிண்டரை மாட்டும்போது, அடுப்பை மூட்டும்போது, நாற்றம் வந்தால் என்று மூன்றாக்குவது. இந்த எடுத்துக்காட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கசிவு பற்றிய நான்கு குறிப்புகளையும் முதலில் ஒரே இடத்தில் வைப்போம்: ரெகுலேட்டரை மூடிப் பாதுகாப்பு மூடி போடு; சுவிட்சைத் தொடாமல், எரிவதை அணை; கதவு, ஜன்னல்களைத் திற; வெளியே வந்து 1906ஐ அழை. இது வரிசையாகவும் அமைந்துவிடுகிறது, ஏனெனில் சிலிண்டரிடமிருந்து தொடங்கி வாசலுக்கு வெளியே முடிகிறது. நடக்கும் பாதையே நினைவின் பாதை. சுவிட்சைப் பற்றிச் சொல்லும்போது, போடுவது மட்டுமல்ல அணைப்பதும் பொறியை எழுப்பும் என்ற காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்தால், "தொடாதே" என்ற சொல் தற்செயலாகத் தேர்ந்ததல்ல என்பது கேட்பவருக்குப் புரியும்.

இந்தத் தொகுதியின் தலைப்பை யார் நினைவூட்டுவார் என்று கேட்டால், நாற்றமே நினைவூட்டும். இயல்பாக மணமில்லாத வாயுவில் எத்தில் மெர்காப்டன் கலப்பதே கசிவை மூக்கு உணர வேண்டும் என்பதற்காகத்தான். பேச்சாளர் தலைப்பை "நாற்றம் வந்தால்" என்று வைத்துவிட்டால், அந்த நாற்றம் பேச்சாளரின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. "அவசர நடவடிக்கைகள்" என்று அதே தொகுதிக்குப் பெயரிட்டால் இந்த உதவி கிடைக்காது. அந்தச் சொல் அறிவிப்புப் பலகைக்கு உரியது, சமையலறையில் அதை யாரும் நினைப்பதில்லை.

"மாட்டும்போது" என்ற தொகுதிக்குச் சீல், காலக்கெடு, நிமிர்த்தி வைத்தல், சோப்பு நுரை ஆகிய நான்கும் தாமாகவே வந்து சேர்கின்றன. காலக்கெடுவைக் காட்ட வேண்டுமானால் கூட்டத்துக்கு ஒரு சிலிண்டரையோ அதன் படத்தையோ கொண்டுபோவது நல்லது. மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. பி-27 என்றிருந்தால் 2027 ஜூன் வரை அந்தச் சிலிண்டர் செல்லும்.

இந்த வழியின் மறைந்த செலவு குழாயில் தெரிகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலைக்குத் தினசரி வாழ்க்கையில் எந்தத் தருணமும் இல்லை. நேரத்தை வைத்துப் பிரிக்கும்போது நேரமில்லாத குறிப்புகள் எப்போதும் இப்படி வெளியே நிற்கும். அவற்றுக்காக "பொது" என்று நான்காவது தொகுதியைத் திறந்துவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. "பொது", "இதர" என்ற தலைப்பு எந்தப் பேச்சில் தோன்றினாலும் பிரிவு சரியில்லை என்பதற்கு அது அடையாளம். குறிப்பின் சொற்களை மாற்றுவதே இங்கே தீர்வு: "ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், ஐந்தாண்டு ஆகியிருந்தால் மாற்றுங்கள்." இப்போது அதற்கும் ஒரு தருணம் கிடைத்துவிட்டது. தொகுதியில் ஐந்து ஆகிவிட்டன. ஆனால் கை வேலை செய்யும் வரிசையிலேயே அவை அமைகின்றன: சீலைப் பார்க்கிறோம், பட்டையைப் பார்க்கிறோம், நிமிர்த்தி வைக்கிறோம், குழாயைப் பார்க்கிறோம், இணைத்தபின் நுரை தடவுகிறோம்.

"மூட்டும்போது" என்பதில் மூன்றுதான்: தீ முதலில் குமிழ் பிறகு, விட்டுப் போகாமை, இரவில் ரெகுலேட்டர். இவற்றில் மூன்றாவது பலவீனமானது. மூட்டுதல் என்ற சொல் மூடுவதை நினைவூட்டாது. கேட்டவர்களிடம் பிறகு விசாரித்தால் எல்லாக் குறிப்புகளிலும் முதலில் காணாமல் போவது இதுவாகத்தான் இருக்கும். இதை எதிரிணையாகக் கட்டிவிடலாம்: "மூட்டும்போது தீ முதலில், முடிக்கும்போது ரெகுலேட்டர் கடைசியில்." ஒரு பாதி நினைவுக்கு வந்தால் மறுபாதி தொடர்ந்து வரும். விட்டுப் போகாமைக்குப் பால் பொங்கித் தீ அணைந்து, வாயு மட்டும் வந்துகொண்டிருப்பதைச் சொன்னால் போதும். எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான்.

எடை மட்டும் எஞ்சுகிறது. 14.2 கிலோ வாயு இருக்கிறதா என்று பார்ப்பது மாட்டும்போது செய்யும் வேலைதான் என்றாலும், அது நுகர்வோர் உரிமையைச் சேர்ந்தது. இந்தப் பேச்சின் பொருளான பாதுகாப்பைச் சேர்ந்ததல்ல. தொகுக்கும்போதுதான் இப்படி ஒரு குறிப்பு வேறு பேச்சிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் பன்னிரண்டு: ஐந்து, மூன்று, நான்கு. மூன்றையும் சமமாக்க முயல வேண்டியதில்லை. சமமாக்குவதற்காக ஒரு குறிப்பை இடம் மாற்றினால் முதல் அளவுகோல் அடிபடும்.

## நான்காம் வழி: பிரிக்காமல் எண்ணிட்டுச் சொல்வது

"பாதுகாப்பின் பன்னிரண்டு விதிகள்" என்று ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சொல்வது. தயாரிப்பு வேலை மிகக் குறைவு. எதுவும் விடுபடவில்லை என்ற நிம்மதி பேச்சாளருக்குக் கிடைக்கும். காதால் கேட்ட நீண்ட பட்டியலில் தொடக்கமும் முடிவும் தங்கும், நடு கரையும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் நெடுங்காலமாக உறுதிப்பட்டிருப்பது. எண்கள் எதையும் நினைவூட்டுவதும் இல்லை, "ஏழாவது விதி என்ன?" என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது.

அச்சிட்ட தாளாக அடுப்பு மேடைக்கருகே ஒட்டப்போவதானால் நிலைமை தலைகீழ். தாளுக்கு நினைவு தேவையில்லை. விடுபடாமை மட்டுமே தேவை. ஆய்வுக்கு வருபவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட எண்ணிட்ட பட்டியலே சிறந்தது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பொருள் | ஓசை | நேரம் | எண்ணிட்ட பட்டியல் |
|---|---|---|---|---|
| ஒரே வீடு | ரெகுலேட்டருக்கு இரு வேலை, ஒரே வீடு | பல குறிப்புகளுக்கு வீடில்லை | குழாய் தவிர எல்லாவற்றுக்கும் உண்டு | கேள்வி எழாது |
| தலைப்பு குறிப்பை அழைத்தல் | நன்று | பலவீனம், சில சமயம் ஆபத்து | நன்று | இல்லை |
| தேவைப்படும் நேரத்தில் நினைவூட்டுவது | கண்ணில் படும் பொருள் | எதுவும் இல்லை | நடக்கும் நிகழ்வே | தாள் இருந்தால் மட்டும் |
| மறைந்த செலவு | அவசர வரிசை சிதறும் | தவறான செயலும் நினைவில் நிற்கும் | சில குறிப்புகளை மாற்றி எழுத வேண்டும் | நடுப்பகுதி மறையும் |
| ஏற்ற இடம் | ஆய்வு, பணிப் பயிற்சி | மூன்றே குறிப்புகள் | வீட்டாரிடம் பேசுவது | அச்சுத் தாள் |

## தேர்வை மேடைக்கு முன்பே சோதிப்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும் வீட்டிலேயே ஒருவரிடம் முழுப் பேச்சையும் சொல்லிப் பார்க்கலாம். முடிந்ததும் உடனே கேட்கக் கூடாது. வேறு எதையாவது பத்து நிமிடம் பேசிவிட்டு, "மொத்தம் எத்தனை தொகுதி, அவற்றின் பெயர் என்ன?" என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பெயரையும் நீங்களே சொல்லி, அதன் கீழ் என்னென்ன என்று கேளுங்கள்.

பெயர்கள் வரவில்லை, ஆனால் பெயரைச் சொன்னதும் குறிப்புகள் வருகின்றன என்றால், பிரிவு சரி. தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் மூன்று பெயர்களையும் நீங்கள் போதிய அளவு சொல்லவில்லை. பெயர்கள் மளமளவென்று வந்து குறிப்புகள் வராவிட்டால், தலைப்புகள் ஓசைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றை மாற்ற வேண்டும். குறிப்புகள் வருகின்றன, ஆனால் தொகுதி மாறி வருகின்றன என்றால், எந்தக் குறிப்பு எங்கே போய் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பல நேரங்களில் கேட்பவர் வைத்த இடமே சரியானதாக இருக்கும்.

மூன்று என்ற எண்ணையும் ஒரு விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. பேச வேண்டிய பொருளில் தருணங்கள் இயல்பாகவே நான்காக இருந்தால் நான்காகவே சொல்லலாம். இரண்டை ஒட்டவைத்து மூன்றாக்கினால் ஒட்டிய தொகுதிக்குப் பெயரிட முடியாமல் திணறுவீர்கள். கூட்டம் தாமதமாகத் தொடங்கி, பதினைந்து நிமிடம் ஐந்தாகக் குறைந்துவிட்டால் மூன்று தொகுதிகளையும் அவசரமாக ஓட்ட வேண்டாம். மூன்றின் பெயர்களையும் ஒருமுறை சொல்லிவிட்டு, மாட்டும்போதும் மூட்டும்போதும் செய்ய வேண்டியவற்றைத் தாளில் கொடுத்துவிட்டு, நாற்றம் வந்தால் செய்ய வேண்டிய நான்கை மட்டும் சிலிண்டரிலிருந்து வாசல்வரை நடந்து காட்டிவிட்டு இறங்கலாம்.